சார்ஜிங் கன் கழலவில்லையா? இழுக்காதீர்கள், உள்ளே தள்ளுங்கள்

கேள்வி: சார்ஜ் ஏறி முடிந்த பிறகும் மின்சாரக் காரிலிருந்து சார்ஜிங் கன் வர மறுக்கிறது. பலமாக இழுக்கலாமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

இழுக்க வேண்டாம். சென்ற ஆண்டு திண்டிவனம் அருகே ஒரு வேகச் சார்ஜரில் நானும் இழுத்துப் பார்த்தவன்தான். பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன. தோள்பட்டை வலித்ததே தவிர, கன் அசையவில்லை.

நம் ஊர்க் கார்களில் பரவலாக உள்ள சிசிஎஸ்-2 வகைச் சார்ஜிங் துளையில், பூட்டு காரின் பக்கம் இருக்கிறது. கன்னைச் செருகியதும் ஒரு சிறு மோட்டார், விரல் நுனி அளவுள்ள ஆணி ஒன்றைக் கன்னில் உள்ள பள்ளத்துக்குள் நுழைக்கிறது. மின்சாரம் பாயும்போது கன்னை உருவினால் நெருப்புப் பொறி பறக்கும். டிசி எனப்படும் வேகச் சார்ஜரில் அது கையைப் பொசுக்கிவிடும். அதனால் மின்னோட்டம் நின்றதைக் கார் உறுதி செய்த பிறகே ஆணி விலகும். மெதுவான ஏசி சார்ஜிங்கில், கேபிளை யாரும் கழற்றிக்கொண்டு போகாமலும் அதே பூட்டுதான் காக்கிறது. பல கார்களில் கதவைப் பூட்டியிருக்கும் வரை அது விடாது.

ஆகவே முதலில் செயலியிலோ சார்ஜர் திரையிலோ சார்ஜிங்கை நிறுத்தி, அரை நிமிடம் பொறுங்கள். பிறகு சாவியால் கதவை ஒருமுறை பூட்டித் திறங்கள். துளைப் பக்கம் 'டக்' என்று கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள்.

எனக்கு மோட்டார் முனகும் ஒலி கேட்டது, ஆணி மட்டும் நகரவில்லை. காரணம் எளிது. டிசி கேபிள் கனமானது. அது கீழே தொங்கும்போது கன் சற்றுச் சாய்ந்து, ஆணியைப் பள்ளத்தின் விளிம்போடு நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் பிடி இன்னும் இறுகும். தாழ்ப்பாள் இறுகிய கதவை லேசாகத் தள்ளிக்கொண்டே தாழ் திறப்போமே, அதே வித்தைதான். கேபிளின் பாரத்தை ஒரு கையில் தாங்கி, கன்னைக் காரை நோக்கி அழுத்திப் பிடித்தேன். மனைவி சாவிப் பொத்தானை அழுத்தினார். இரண்டாம் முறை 'டக்'. கன் கையோடு வந்துவிட்டது.

எந்த ஒலியும் கேட்கவில்லை என்றால் கதை வேறு. அந்த மோட்டார் 12 வோல்ட் பேட்டரியில் இயங்குவது. பேட்டரி தளர்ந்திருந்தால் கதவுப் பூட்டும் திரையும்கூடத் தடுமாறும். முதலில் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்.

கடைசி வழி, கையால் இழுக்கும் அவசர விடுவிப்புக் கயிறு. பல கார்களில் டிக்கியின் உட்புறமோ பானெட்டின் கீழோ இருக்கும், சிலவற்றில் கிடையாது. உங்கள் காரில் எங்கே என்பதைக் கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள். சார்ஜிங் நின்றதை உறுதி செய்யாமல் அதைத் தொடாதீர்கள். ஸ்குரூடிரைவரால் ஆணியை நெம்பவே வேண்டாம். ஆணி வளைந்தால் துளைப் பகுதியையே மாற்றும்படி ஆகலாம்.