சட்ட ஆலோசனை: "ஆன" என்பதும் "உள்ளடக்கிய" என்பதும்

கேள்வி: கிராண்ட்பாஸில் சிறு தொழிற்கூடம் வைத்துக் கொப்பரை உலர்த்தி செய்கிறேன். என் இயந்திரம் ஒரு பேட்டன்டை, அதாவது ஆக்கவுரிமையை, மீறுவதாகச் சட்டத்தரணியின் கடிதம் வந்துள்ளது. கண்டுபிடிப்பில் எதற்குப் பாதுகாப்பு என்று வரையறுக்கும் அதன் முதலாவது உரிமைக்கோரிக்கையை ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் தமிழாக்கிப் பார்த்தேன்: "உலர்த்தும் அறை, கழற்றத்தக்க தட்டுகள், அவற்றின் கீழ் ஈரப்பத உணரி ஆகியவற்றால் ஆன உலர்த்தி." என்னுடையதில் விசிறியும் இருப்பதால் மீறல் இல்லை என்கிறார் மொழிபெயர்ப்பாளர். அப்படியே பதில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் "கம்ப்ரைசிங்". ஆக்கவுரிமை வழக்கில் அது திறந்த சொல். சொல்லப்பட்ட உறுப்புகள் அனைத்தும் இருந்தால் போதும், மேலதிகமாக எத்தனை இருந்தாலும் இயந்திரம் கோரிக்கைக்குள் அடங்கிவிடும். "ஆகியவற்றால் ஆன" என்ற தமிழோ "கன்சிஸ்டிங் ஆஃப்" என்ற மூடிய சொல்லுக்கு உரியது. ஆகவே விசிறி உங்களைக் காப்பாற்றாது. "ஆகியவற்றை உள்ளடக்கிய" என்றே எழுதியிருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரை முழுவதும் குறை சொல்ல மாட்டேன். ஒரு கோரிக்கை எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியமாகவே எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் தொடக்கத்திலேயே நிற்கும் அந்தச் சொல் தமிழில் எல்லா உறுப்புகளையும் கடந்து கடைசியில் வந்து சேர்வதால், அங்கே கை தானாகவே பழகிய சொல்லை எழுதிவிடும்.

உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது அதே மொழிபெயர்ப்பில் மறைந்து கிடக்கிறது. மூலம் உணரியை வெறுமனே தட்டுகளின் கீழ் வைக்கவில்லை. "மேற்சொன்ன தட்டுகளுள் மிகக் கீழுள்ளதற்குக் கீழே வைக்கப்பட்ட" உணரி என்கிறது. "அவற்றின் கீழ்" என்றால் எந்தத் தட்டின் கீழும் இருக்கலாம் என்று படிக்க இடமுண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் உணரி ஐந்து தட்டுகளில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ளது. கோரிக்கையின் ஓர் உறுப்பு உங்கள் இயந்திரத்தில் இல்லை என்பதே உங்கள் வாதமாக இருக்க வேண்டும். உணரி அங்கிருந்தும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆகவே அந்த இடத்தில் வைத்ததற்கான தொழில்நுட்பக் காரணத்தையும், பழைய வரைபடங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள்.

மொழிபெயர்ப்பை மீண்டும் செய்விக்கும்போது, மூலத்தை ஒவ்வோர் அரைப்புள்ளியிலும் வெட்டி உறுப்புக்கு ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச் சொல். "மேற்சொன்ன" வரும் இடத்தில் அது எந்த உறுப்பைச் சுட்டுகிறது என்ற குறிப்பு. நடை அழகாக இருக்காது, அது பரவாயில்லை. எப்படியும் நீதிமன்றம் பார்ப்பது பதிவான பாடத்தைத்தான்; தமிழாக்கம் நீங்கள் விளங்கிக்கொள்வதற்கே.

பதிலுக்கு முன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அந்த ஆக்கவுரிமை இலங்கையில் பதிவாகியுள்ளதா, ஆண்டுக் கட்டணம் செலுத்தப்பட்டு நடைமுறையில் உள்ளதா என்று பாருங்கள். வெளிநாட்டில் மட்டும் பெற்ற உரிமை இங்கே உங்களைக் கட்டுப்படுத்தாது.