அம்புக்குறி மேல் என்ன எழுதியிருக்கிறது?

கடலூரில் சமூக அறிவியல் நடத்துகிறேன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் வரையும் கருத்து வரைபடங்களைத் திருத்தித் திருத்தியே என் சிவப்புப் பேனாக்கள் தீர்ந்தன. கட்டத்துக்கு ஒரு கருத்து, கட்டங்களை இணைக்க அம்புக்குறிக் கோடு, எப்படிச் சேர்கிறது என்று கோட்டின் மேல் ஒரு சொல், இதுதான் கருத்து வரைபடம், கான்செப்ட் மேப் என்பார்கள். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரிசை எல்லாம் கிடையாது, எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிற இடத்தில் நீட்டுவேன்.

நெல்லிக்குப்பம், ஒரு அம்மா: பையன் பத்தாவது. ஒவ்வொரு பாடத்துக்கும் சார்ட் பேப்பரில் நாலு கலர் ஸ்கெட்ச் வைத்து கான்செப்ட் மேப் போடுகிறான், ரெண்டு மணி நேரம் ஆகிறது. மார்க் மட்டும் ஏறவில்லை டீச்சர்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன்மா. வரையும்போது புத்தகம் திறந்திருக்கிறதா? திறந்துதான் இருக்கும். அப்படியென்றால் அவன் செய்வது அழகான நகல் எடுப்பு. கண் புத்தகத்தில், கை சார்ட்டில், நடுவில் மூளைக்குப் பெரிய வேலை இல்லை.

2011-ல் அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் கார்பிக்கே, பிளண்ட் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு படித்தது, பாடத்தை மூடி வைத்துவிட்டு ஞாபகம் இருந்ததை எல்லாம் எழுதியது, மறுபடி படித்து மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் மூடி எழுதியவர்கள்தான் முன்னால். அடுத்த சோதனையில் தேர்வையே கருத்து வரைபடம் வரைவதாக வைத்தார்கள், அதிலும் மூடி எழுதியவர்களே ஜெயித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எது அதிகம் நினைவில் நிற்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது மாணவர்கள் நேர்மாறாகச் சொல்லியிருந்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டுக் கருத்து வரைபடமே வேண்டாம் என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. அதே இருவர் 2014-ல் வரைபடத்தையே ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார்கள், அது பத்தியாக எழுதுவதற்குச் சமமாக வேலை செய்தது. ஆகவே மூடிவிட்டு வரையச் சொல்லுங்கள். சார்ட் வேண்டாம், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். நீல மையில் பத்து நிமிடம், வந்த வரைக்கும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பானதையும் சிவப்பில் எழுதட்டும். நாலு நாள் கழித்து மறுபடி வெறும் தாளில் ஆரம்பிக்கட்டும்.

லாஸ்பேட்டை, பிளஸ் டூ மாணவி: மைண்ட் மேப்பும் இதுவும் ஒன்றுதானே மேடம்?

இல்லை. மைண்ட் மேப்பில் நடுவில் ஒரு தலைப்பு, சுற்றிக் கிளைகள், கோட்டின் மேல் எதுவும் எழுதாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கருத்து வரைபடத்தில் கோட்டின் மேல் எழுதுவதுதான் உயிர். 1972-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் குழு இதைக் கொண்டுவந்ததே பிள்ளைகளின் மனசுக்குள் அறிவியல் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான். கட்டங்களை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

பாகூர், பி.எட். மாணவர்: இணைப்புச் சொல் எழுதச் சொல்கிறார்கள். பிள்ளைகள் எல்லாக் கோட்டிலும் "தருகிறது" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எப்படி மாற்றுவது?

நல்ல கேள்வி தம்பி, இதுக்குத்தான் காத்திருந்தேன். தலைப்பு கொடுக்காதீர்கள், கேள்வி கொடுங்கள். "பருவமழை" என்று கொடுத்தால் ஊரில் உள்ளதை எல்லாம் கொட்டுவார்கள். நான் கொடுத்தது: "கடலூருக்கு ஆனியில் வராத மழை ஐப்பசி கார்த்திகையில் ஏன் கொட்டுகிறது?"

ஒன்பதாவது பையன் ஒருவன் மூடிவிட்டு வரைந்தது: தென்மேற்குப் பருவக்காற்று, அங்கிருந்து கேரளா, கோட்டில் "மழை தருகிறது". வடகிழக்குப் பருவக்காற்று, அங்கிருந்து கடலூர், கோட்டில் "மழை தருகிறது". தேர்வில் இதுக்கு மார்க் விழும். ஆனால் கேள்வி "ஏன்", இவன் வரைந்தது "எங்கே".

ஒவ்வொரு "தருகிறது"க்கும் நான் கேட்பது ஒன்றுதான், எப்படித் தருகிறது? தென்மேற்கில் கேட்டவுடன் மேற்குத் தொடர்ச்சி மலை நினைவுக்கு வந்தது. காற்று மலையில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து அந்தப் பக்கம் கொட்டிவிடுகிறது, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகிக் காய்ந்து போகிறது. "மழை மறைவுப் பகுதி" என்று ஒரு கட்டம் வந்தது. சரி, வங்கக்கடல் வழியாகப் போகும் இன்னொரு கிளை? அது நம் கரைக்கு இணையாகப் போய்விடுகிறது. இது அவனுக்குத் தெரியாது, சிவப்பில் வந்தது.

வடகிழக்கில்தான் மாட்டிக்கொண்டான். அந்தக் காற்று புறப்படுவது நிலத்திலிருந்து, வறண்ட காற்று. ஈரம் எங்கே கிடைத்தது என்று கேட்டதும் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, வங்காள விரிகுடாவுக்கு ஒரு கட்டம் போட்டு, "மீது வரும்போது ஈரத்தை எடுத்துக்கொள்கிறது" என்று எழுதினான். பிறகு நான் சொல்லாமலே "தானே" என்ற புயலை ஒரு கட்டத்தில் போட்டு விரிகுடாவோடு சேர்த்தான். 2011 டிசம்பர் 30-ல் அது நம் கரையைக் கடந்தபோது அவன் பிறந்தே இருக்க மாட்டான், வீட்டில் கேட்ட கதை. இப்படித் தூரத்துக் கட்டங்கள் குறுக்கே சேரும் கோடுதான் நான் தேடுவது. "தருகிறது", "உள்ளது", "சம்பந்தம்" மூன்றும் என் வகுப்பில் தடை.

வில்லியனூர், தமிழாசிரியர்: இதில் ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கிறது. ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும், கோட்டின் மேல் எழுதினால் வாக்கியம் ஆகிவிடும். தமிழில் வினை கடைசி. "காற்று, எடுத்துக்கொள்கிறது, கடல்" என்று எந்தத் தமிழன் பேசுவான்?

ஐயா சொல்வது சரிதான், இந்த இடத்தில் பிள்ளைகள் நிஜமாகவே தடுமாறுகிறார்கள். என் வழக்கம்: முதல் கட்டம், அம்பு முனையில் இருக்கும் கட்டம், அப்புறம் கோட்டின் மேல் உள்ளது, இந்த வரிசையில் வாசிக்கச் சொல்வேன். "வடகிழக்குப் பருவக்காற்று, வங்காள விரிகுடா, மீது வரும்போது ஈரத்தை எடுத்துக்கொள்கிறது." வேற்றுமை உருபையும் கோட்டிலேயே ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடி அவரே: கண் முன்னே போய்ப் பின்னே வர வேண்டியிருக்கிறதே. பெயரெச்சம் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று? "வங்காள விரிகுடா", கோட்டில் "மீது ஈரம் எடுக்கும்", அடுத்து "வடகிழக்குப் பருவக்காற்று". நேராக வாசிக்கலாம், தமிழாகவும் இருக்கிறது.

வாசிக்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வாக்கியம் முடியவில்லையே ஐயா. "ஈரம் எடுக்கும் காற்று" என்றால் அப்புறம் என்ன என்றுதான் காது கேட்கும். எனக்கு வேண்டியது சரி, தப்பு என்று டிக் போடக்கூடிய முழு வாக்கியம். பெயரெச்சத்தில் பிள்ளை எதையும் உறுதியாகச் சொல்லாமல் நழுவிவிடுவான்.

சிதம்பரம், வாசகர்: எதுக்குச் சண்டை? கோட்டில் "ஆல்" என்று மட்டும் போடுங்கள். காற்று, ஆல், மழை. முடிந்தது.

காரணம் காட்டும் கோட்டுக்கு ஓகே. மலையும் மழை மறைவும் எந்த "ஆல்"? எப்படி என்பதும் போச்சு. பழைய "தருகிறது"தான் இது, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

வில்லியனூர் மறுபடி: எச்சத்தில் உறுதி இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. என் வகுப்பில் ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.

வாருங்கள். தாள்களையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து திருத்துவோம்.

பண்ருட்டி: எந்த ஆப் நல்லது?

பென்சில். ரொம்ப ஆசையென்றால் CmapTools இலவசம், நோவக் வேலை செய்த ஃபுளோரிடா ஆய்வு நிறுவனத்தினுடையது.

திருப்பாதிரிப்புலியூர்: மேப் கேள்விக்கு வங்காள விரிகுடா, சோழமண்டலக் கரை எல்லாம் குறிக்க ஈசியாக ஒரு வழி சொல்லுங்கள்.

அது நில வரைபடம்பா. அட்லஸ் வைத்துப் பழகு. இங்கே வேறு கதை ஓடுகிறது.

முத்தியால்பேட்டை, குரூப் 4 எழுதுபவர்: நான் சட்டத் திருத்தங்களை, வருடங்களை எல்லாம் கருத்து வரைபடமாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஏன் மண்டையில் நிற்கவில்லை?

ஒன்றுக்கொன்று காரணமில்லாத பட்டியலைக் கோடு போட்டு இணைத்தால் வெறும் கோடுதான் மிஞ்சும். வருடத்துக்குக் காலக்கோடு, ஒப்பிடுவதற்கு அட்டவணை, தனித்தனித் தகவலுக்கு முன்னால் கேள்வி பின்னால் பதில் எழுதிய சீட்டு. ஒன்று மாறினால் இன்னொன்று ஏன் மாறுகிறது என்று கேட்க முடிகிற பாடத்துக்கு மட்டும் இதைக் கையில் எடுங்கள்.

குறிஞ்சிப்பாடி, நடுநிலைப் பள்ளி ஆசிரியை: வாசிக்கவே திணறும் பிள்ளைகளிடம் வெறும் தாளைக் கொடுத்தால் அழுகிறார்கள். இது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

நேர் எதிர் டீச்சர். நீண்ட பத்தியில் எது எதோடு சேர்கிறது என்று பிடிக்க முடியாதவர்களுக்கும், பாடம் புதிதாக இருப்பவர்களுக்கும்தான் வரைபடம் அதிகம் கைகொடுக்கிறது. வெறும் தாள்தான் தப்பு. முதல் வாரம் வரைபடம் முழுதாக இருக்கட்டும், நாலு கட்டம் மட்டும் காலி, நிரப்ப வேண்டிய சொற்கள் ஓரத்தில். அடுத்த வாரம் கட்டங்கள் இருக்கட்டும், கோட்டுச் சொற்களை எடுத்துவிடுங்கள். மூன்றாவதில் பன்னிரண்டு சொல்லைத் துண்டுச் சீட்டில் கொடுத்துத் தரையில் அடுக்கச் சொல்லுங்கள், சீட்டை நகர்த்தலாம், அழிக்க வேண்டியதில்லை. கடைசியில் வெறும் தாள். காலிக் கட்டத்திலேயே வருடம் முழுக்க நின்றுவிடும் வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன், அது கோடிட்ட இடத்தை நிரப்புகதான்.

விருத்தாசலம்: புத்தகத்தில் பாடத்தின் கடைசியில் அச்சிட்டிருக்கும் கருத்து வரைபடத்தை மனப்பாடம் செய்யலாமா?

முதலில் நீங்களே வரையுங்கள். பிறகு அதோடு ஒப்பிடுங்கள். மூடிவிட்டு.

வடலூர்: எந்த ஆப் மேடம்? கலர் எத்தனை?

மேலே பென்சில் என்று எழுதியிருக்கிறேன். கலர் ரெண்டு: நீலம், சிவப்பு.

நெல்லிக்குப்பம் அம்மா மறுபடி: நீங்கள் சொன்னபடி மூடிவிட்டு வரையச் சொன்னேன். ஏழு கட்டம்தான் வந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று உட்கார்ந்துவிட்டான். பழைய சார்ட்டே நன்றாக இருந்ததாம்.

சார்ட்டில் எத்தனை கட்டம் இருந்தது, இருபதா? அந்த ஏழுதான் இப்போதைக்கு அவனுடையது, மீதிப் பதிமூன்றும் புத்தகத்தினுடையது. சிவப்பில் எழுதி முடித்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். வியாழக்கிழமை மறுபடி வெறும் தாளைக் கொடுங்கள், எத்தனை வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.