நூற்பாலைப் பொறியாளர் அடுத்து எங்கே போகலாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்துப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. எந்தத் துறைக்கு மாறலாம்? (ஈரோடு)

பதில்: என்ன வேலை செய்தீர்கள், எந்த இயந்திரத்தில் செய்தீர்கள், எதை அளந்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லாமல் கேட்டால் எவராலும் வழிகாட்ட இயலாது. எழுதி மீண்டும் அனுப்புங்கள்.

கேள்வி: பல்லடம் அருகே ஒரு நூற்பாலையில் 14 ஆண்டுகளாகப் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஆலை மூடப்படும் போலிருக்கிறது. காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஹெச் பிளான்ட்டும் என் பொறுப்பில் உண்டு. மில்லைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. (பல்லடம்)

பதில்: கடைசி வாக்கியத்தை நான் ஏற்கமாட்டேன். நம் பகுதியில் மில்லிலிருந்து வெளிவரும் பொறியாளர்கள் பலரும் சுயவிவரத்தில் ரிங் பிரேம், கார்டிங் என்று இயந்திரங்களின் பெயர்களை அடுக்கிவிட்டு, தாங்கள் கட்டுக்குள் வைத்திருந்த அளவுகளை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். இயந்திரத்தின் பெயர் அடுத்த துறையில் செல்லாது, அளவு செல்லும்.

ஹெச் பிளான்ட்டையே எடுத்துக்கொள்வோம். ரிங் பிரேம் பகுதியில் ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிறுத்தி வைக்க, விசிறி, ஏர் வாஷர், டேம்பர் மூன்றையும் ஒன்றுக்கொன்று இசைய வைத்திருக்கிறீர்கள். ஈரக்குமிழ் வெப்பமானியின் திரி காய்ந்திருந்தால் ஈரப்பதம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது உங்களுக்குக் கைப்பழக்கம். மருந்துத் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டைப் பராமரிப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் அடிப்படை இதுவே.

வேறுபாடும் உண்டு. மில்லில் காற்றுக்கு ஈரம் சேர்க்கிறோம். மருந்து அறையில் பெரும்பாலும் குளிர்நீர்ச் சுருளால் ஈரத்தை நீக்கி, பிறகு காற்றைச் சற்றுச் சூடாக்கி அனுப்புகிறார்கள். அடுத்தடுத்த தூய்மை நிலைகளில் உள்ள அறைகளுக்கு இடையே 10 முதல் 15 பாஸ்கல் அழுத்த வேறுபாடு நிலைக்க வேண்டும். விசிறியின் வேகத்தை 80 விழுக்காட்டுக்குக் குறைத்தால் மின்செலவு ஏறத்தாழப் பாதியாகும் என்ற கணக்கை மில்லில் பயன்படுத்தியிருப்பீர்கள். மருந்து அறையில் நுண்துகள்களைத் தடுக்கும் ஹெபா வடிகட்டி அடைபட அடைபட எதிர்ப்பு கூடுவதால், வேகத்தை விருப்பம்போல் குறைத்தால் அந்த அழுத்த வேறுபாடு போய்விடும். ஆகவே சில்லர், ஹெபா கசிவுச் சோதனை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் ஒழுங்கு ஆகிய மூன்றைப் புதிதாகக் கற்க வேண்டும். இவற்றில் பலர் தடுமாறுவது மூன்றாவதில்தான்: மில்லில் ஃபிட்டரிடம் வாய்மொழியாகச் சொல்லி டேம்பரைத் திருப்புவது வழக்கம், மருந்துத் துறையில் எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

உங்கள் சுயவிவரத்தின் முதல் வரியில் ஹெச் பிளான்ட்டின் காற்றோட்ட அளவு, விசிறி மோட்டாரின் திறன், காத்துவந்த ஈரப்பதம் ஆகியவை இடம்பெறட்டும்.

கேள்வி: கோவையில் என்ஜின் வால்வு மெஷினிங்கில் தரப் பிரிவில் இருக்கிறேன். விமான உதிரிபாகத் துறைக்குச் செல்ல ஏஎஸ் 9100 சான்றிதழ் வாங்க வேண்டுமா? (கணபதி)

பதில்: அது விமானத் துறையின் தர மேலாண்மைக்காக நிறுவனத்துக்கு வழங்கப்படும் சான்று, தனிமனிதருக்கு அன்று. அதன் பெயரில் நடக்கும் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்குமுன், முதலில் தயாராகும் உதிரிபாகத்தின் ஆய்வு அறிக்கையை வரைபடத்தின் ஒவ்வோர் அளவுக்கும் எண்ணிட்டுத் தயாரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இங்கும் அதே எச்சரிக்கைதான்: எத்தனை மைக்ரானுக்குள் நிறுத்தினீர்கள் என்பதை எழுதுங்கள், லேத்தின் பெயரை அல்ல.