நாணயமாக இருப்பவன் ஏமாளியா?

கேள்வி: வகுப்பில் 'கைதிகளின் இக்கட்டு' நடத்தினார்கள் சார். சேர்ந்து பிடிபட்ட இருவரைத் தனித்தனியே விசாரிக்கும்போது, கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்யும் புதிர். கூட்டாளி வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும், அவனைக் காட்டிக்கொடுப்பதுதான் நமக்கு லாபம் என்று பேராசிரியர் போர்டில் நிரூபித்துவிட்டார். அப்படியானால் நம்பி நடப்பவன் முட்டாளா?
– பொருளாதார மாணவர், கும்பகோணம்

பதில்: பேராசிரியரின் கணக்கில் பிழையில்லை, தம்பி. ஆனால் அது ஒரே முறை ஆடிவிட்டுப் பிரிகிறவர்களுக்கான கணக்கு. அதே இருவர் திரும்பத் திரும்பச் சந்தித்தால் என்ன ஆகும் என்று, அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்ஸல்ராட் 1980-ஐ ஒட்டிக் கணினியில் போட்டி வைத்துப் பார்த்தார். இருவரும் காட்டிக்கொடுக்காமல் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் துரோகம் செய்தால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. நிபுணர்கள் அனுப்பிய தந்திரமான நிரல்களையெல்லாம் தாண்டி ஜெயித்தது, அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல். முதல் சுற்றில் ஒத்துழைக்கும். அப்புறம், எதிராளி போன சுற்றில் செய்ததையே திருப்பிச் செய்யும். அவ்வளவுதான்.

பத்துச் சுற்றுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த நிரல் மாதிரி நடப்பவரை நாணயஸ்தர் என்போம். எப்போதும் துரோகம் செய்பவரிடம் அவர் முதல் சுற்றில் ஏமாந்து மொத்தம் 9 வாங்குவார், துரோகிக்கு 14. நேருக்கு நேர் தோல்விதான். ஆனால் இரண்டு நாணயஸ்தர்கள் சந்தித்தால் ஆளுக்கு 30, இரண்டு துரோகிகள் சந்தித்தால் ஆளுக்கு 10. இப்போது இரண்டு நாணயஸ்தர்களும் இரண்டு துரோகிகளும் இருக்கும் தெருவில் எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும். நாணயஸ்தருக்கு 30, 9, 9 என்று 48. துரோகிக்கு 14, 14, 10 என்று 38. யாரையும் தோற்கடிக்காமலே முன்னால் நிற்கிறார், பார்த்தீர்களா? அதே தெருவில் மற்ற மூவரும் துரோகிகளாகி அவர் தனி ஆளாக இருந்தால் 27தான், துரோகிகளுக்கு ஆளுக்கு 34. நாணயம் பிழைக்கத் துணைக்கு இன்னொருவர் வேண்டும்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பத்தாவது சுற்றுதான் கடைசி என்று முன்பே தெரிந்தால், அதில் ஏமாற்றினால் தண்டிக்க யாருமில்லை. ஆகவே பத்தாவதில் இருவரும் ஏமாற்றுவார்கள்; அது தெரிந்தால் ஒன்பதாவதிலும் ஏமாற்றுவார்கள். இப்படியே முதல் சுற்றுவரை கலைந்துவிடும். அதனால்தான் ஆக்ஸல்ராட் தன் இரண்டாவது போட்டியில் ஆட்டம் எப்போது முடியும் என்பதைச் சொல்லவில்லை. மற்றொன்று, தவறுதலாக ஒருமுறை கைதவறினாலும் இரண்டு நாணயஸ்தர்கள் மாறி மாறிப் பழிவாங்கிக்கொண்டே இருப்பார்கள். அவ்வப்போது ஒரு துரோகத்தைக் கண்டும் காணாமல் விடுபவர்தான் அதிலிருந்து தப்புகிறார். மன்னிப்பும் லாபக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது என்பது எனக்குப் பிடித்த இடம்.

ஆக, அறமும் புத்திசாலித்தனமும் ஒரே வழியில் போவது, மறுபடி சந்திக்கும் வாய்ப்பு இருக்கும்வரைதான். இனி பார்க்கவே போகாத ஆட்டோக்காரர் தவறுதலாக அதிகம் கொடுத்த சில்லறையைத் திருப்பித் தருவதற்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே அறம் தன் காலில்தான் நிற்க வேண்டும். நானாக இருந்தால் கணக்குப் பார்க்காமல் தருவேன். தேர்வில் மட்டும் 'ஒரே முறை ஆடினால்' என்று தொடங்கி, பேராசிரியர் சொன்னதையே எழுதிவிடுங்கள்.