மெல்லிய மடிக்கணினியில் பாமினித் தட்டச்சு: ஆழமில்லாத விசைகளும் நழுவும் ஷிப்டும்

கேள்வி: புதிதாக வாங்கிய மெல்லிய லப்டொப்பில் பாமினி முறையில் தட்டச்சுச் செய்யும்போது பிழைகள் கூடிவிட்டன, விரல் நுனியும் நோகிறது. பழகினால் சரிவருமா, இல்லாவிட்டால் தனியாக கீபோர்ட் வாங்க வேண்டுமா?

விரல் நோவு பெரும்பாலும் பழக்கத்தில் குறையும். பிழைகளில் ஒரு வகை மட்டும் எவ்வளவு பழகினாலும் தானாகப் போகாது. யாழ்ப்பாணத்தில் நூல்களுக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளுக்கும் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வகையைப் பற்றியே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நோவு. மேசைக் கணினிகளுக்கான பொறிமுறை விசைப்பலகையில், எடுத்துக்காட்டாக செரி எம்எக்ஸ் ரெட் வகை விசையில், விசை மொத்தம் 4 மில்லிமீற்றர் கீழே இறங்கும். ஆனால் 2 மில்லிமீற்றர் இறங்கியதுமே எழுத்துப் பதிவாகிவிடும். மிகுதி 2 மில்லிமீற்றர் விரல் தன் வேகத்தைத் தணித்துக்கொள்வதற்கான இடம். மெல்லிய மடிக்கணினிகளில் மொத்த ஆழமே பெரும்பாலும் 1 முதல் 1.5 மில்லிமீற்றர்தான். அதிலும் உள்ளேயிருக்கும் இறப்பர்க் குமிழ் நன்றாக அமுங்கிய பின்னரே தொடுகை ஏற்படுவதால், எழுத்துப் பதிவாகும் இடமும் விசை அடியில் முட்டும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஆழமான விசையில் பழகிய கை அதே வேகத்தோடு இறங்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் தகட்டில் மோதுகிறது. நாள் முழுவதும் தட்டச்சுச் செய்பவரின் விரல் நுனி நோவதற்கு இதுவே முதற்காரணம். விசைப்பலகைகளுக்கான ஐ.எஸ்.ஓ 9241 தரத்தொடர் 1.5 முதல் 6 மில்லிமீற்றர் வரையான ஆழத்தை ஏற்று, 2 முதல் 4 வரையானதை விரும்பத்தக்கது என்று கூறுகிறது. இன்றைய மெல்லிய கணினிகள் பல அந்தக் கீழெல்லைக்கும் கீழே நிற்கின்றன. ஆனாலும் மெதுவாகத் தட்டப் பழகியதும் மோதலின் வேகம் குறைந்து, நோவும் தணிந்துவிடுகிறது.

பழக்கத்தால் தீராத பிழை ஷிப்ட் விசையைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் ஷிப்ட் எப்போதாவது வாக்கியத் தொடக்கத்தில் வரும். பாமினியிலோ கு, து, று, னு போன்ற உகர எழுத்துகளும், ஏகாரக் கொம்பும், ஈகார விசிறியும் ஷிப்டோடுதான் வருகின்றன. ஆகவே ஒரு வரியிலேயே பலமுறை அதனை அழுத்திப் பிடித்து விடவேண்டியிருக்கிறது. ஆழமான விசையில் ஷிப்டை அடிவரை அழுத்தினால், அது விடுபடுவதற்குச் சுண்டுவிரல் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மேலே எழவேண்டும். மெல்லிய விசையில் விரல் சற்றே தளர்ந்தாலும் தொடுகை விட்டுப்போகும். ஐந்து விரல்களிலும் வலிமை குறைந்த விரலுக்கு இது கடினமான வேலை.

“என்று” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பாமினியில் அதற்குரிய விசைகள் இவை:

```
vd;W
```

கடைசியில் உள்ள W இடது மோதிரவிரலுக்குரியது. நம்மவர்களில் பலர் எந்த எழுத்தானாலும் இடது ஷிப்டையே பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்கும்போது இடது சுண்டுவிரல் கீழ்வரிசையில் ஷிப்டின் மேல் இருக்க, பக்கத்திலுள்ள மோதிரவிரல் மேல்வரிசைக்கு நீளவேண்டும். இவ்விரு விரல்களின் தசைநார்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று நீளும்போது மற்றதும் சிறிது எழும். ஆழமான விசைப்பலகையில் அந்தச் சிறு எழுச்சி ஒரு பொருட்டல்ல. மெல்லியதில் ஷிப்ட் விடுபட்டு, W என்பது w ஆகி, “என்று” என்பது “என்ற” ஆகிவிடுகிறது. “என்ற” என்பதும் சரியான தமிழ்ச் சொல் என்பதால் எழுத்துப் பிழைதிருத்தியும் அதைக் காட்டாது, படிப்பவர் கண்ணும் எளிதில் தாண்டிப்போகும். “வந்து” என்பது “வந்த” ஆவதும் “எடுத்து” என்பது “எடுத்த” ஆவதும் இதே வழியில்தான். “அவருக்கு” என்பது “அவருக்க” ஆனால் கண்ணில் படும். ஆகவே அது அவ்வளவு ஆபத்தில்லை.

எங்களிடம் வேலை செய்யும் தங்கை ஒருவர் புதிய மடிக்கணினியில் அடித்த கல்வெட்டு ஒன்றைப் பிழை பார்க்கும்போது, வாழ்க்கைக் குறிப்பில் “பிறந்து வளர்ந்து” என்றிருக்க வேண்டிய இடத்தில் “பிறந்த வளர்ந்து” என்று நின்றது. பிழைகளை வகை பிரித்துப் பார்த்தோம். புள்ளி விடுபட்டவை சில, ஓரெழுத்து இரட்டித்தவை சில. மிகுதியானவை உகரம் அகரமாகியவை. அவற்றுள்ளும் W, F, D போன்ற இடக்கை எழுத்துகளே கூடுதலாக இருந்தன. காரணம் ஷிப்ட் என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். நீங்களும் உங்கள் ஒரு பக்கத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். எப்போதும் ஒரே விசையில் மட்டும் எழுத்து இரட்டிக்குமானால் அது கையின் பிழையல்ல, விசையின் பழுது. உத்தரவாதக் காலத்துக்குள் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

இதற்கான மருந்து, இடக்கை எழுத்துகளுக்கு வலது ஷிப்டையும், வலக்கை எழுத்துகளுக்கு இடது ஷிப்டையும் பிடிப்பது. தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்கு இது பழைய பாடம். பார்த்துப் பார்த்துத் தாமாகப் பழகியவர்களுக்குப் புதிது. முதல் சில நாட்கள் வேகம் குறைவது உறுதி, ஆனாலும் விடாதீர்கள். “வந்து” என்பதில் வரும் J வலக்கையின் எழுத்து. அதற்கு இடது ஷிப்டே சரியானது. அதுவும் நழுவுமானால், எழுத்தை அடித்த பிறகே ஷிப்டை விடுகிறோமா என்பதை மெதுவாக அடித்துக் கவனிக்கவேண்டும். சுண்டுவிரல் மிகவும் நோகிறவர்கள் விண்டோஸில் Sticky Keys என்பதை இயக்கினால், ஷிப்டைத் தட்டிவிட்டுப் பிறகு எழுத்தைத் தட்டலாம். வேகமாக அடிப்பவருக்கு அது இடைஞ்சலாகவே இருக்கும்.

இன்னொன்று: தூசிக்குப் பயந்து விசைகளின் மேல் சிலிக்கன் உறை போட்டிருந்தால், முதலில் அதனைக் கழற்றுங்கள். ஒரு மில்லிமீற்றர் அளவே இறங்கும் விசையில் அந்த உறை விசை மேலெழுவதைத் தாமதப்படுத்துகிறது, விசைகளின் விளிம்பையும் விரலுக்கு மறைத்துவிடுகிறது. எழுத்து விடுபடுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

நாளுக்குப் பல பக்கங்கள் அடிப்பவரானால் தனி விசைப்பலகை வாங்குவதையே நான் சொல்வேன். ஆனால் 4 மில்லிமீற்றர் ஆழமுள்ளதுதான் வேண்டுமென்பதில்லை. அவை உயரமானவை, சாப்பாட்டு மேசையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து அடிக்கும்போது மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கிவிடும். உயரம் குறைந்த பொறிமுறை விசைப்பலகைகள் என்று விற்கப்படுபவை மடிக்கணினி விசைகளைப் போன்றவையல்ல. கெய்ல் சொக் வகையில் மொத்த ஆழம் 3 மில்லிமீற்றர், பதிவாவது 1.5 மில்லிமீற்றரில். விரல் தணிய இடமும் இருக்கிறது, மணிக்கட்டும் மடங்குவதில்லை. ஒரேயொரு எச்சரிக்கை: மிக மென்மையான விசையைத் தெரிவுசெய்தால், விரலைச் சும்மா வைத்திருக்கும்போதே எழுத்து விழும். சிறிய வடிவங்களில் வலது ஷிப்ட் குறுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். குறுகியிருந்தால் மேலே சொன்ன பழக்கமே கைகூடாது.

கடையில் சோதிப்பதற்குப் பாமினி எழுத்துரு தேவையில்லை. Notepad-ஐத் திறந்து, வழக்கமான வேகத்தில் vd;W என்பதை வரி வரியாக அடித்துக்கொண்டே போங்கள். கடைசி எழுத்து எங்கெல்லாம் சிறிய w ஆக விழுகிறதோ, அங்கெல்லாம் உங்கள் “என்று” ஒன்று “என்ற” ஆகியிருக்கும்.