ரப்பர் பிளேட்டா, சிமென்ட் பிளேட்டா?

கேள்வி: பழைய 20 கிலோ டம்பெல் செட் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 3 கிலோ பிளேட் 4, 2 கிலோ பிளேட் 4, இரண்டு 14 இன்ச் கம்பி. "ரப்பர் பிளேட், 2,800 ரூபாய்" என்கிறார் விற்பவர். படத்தை அனுப்பியிருக்கிறேன். விலை சரியா? — வாசகர், ஈரோடு

பதில்: இந்த விலைக்கு வாங்காதீர்கள். படத்தில் இருப்பது ரப்பர் பூசிய இரும்பு அல்ல, பிவிசி கூட்டுக்குள் சிமென்ட் கலவை அடைத்த பிளேட்.

நீங்களே சரிபார்த்துவிடலாம். பக்கவாட்டில் எடுத்த படத்தை போனில் திறந்து, கம்பியின் நீளம் திரையில் 14 செ.மீ. வரும் வரை பெரிதாக்குங்கள். இப்போது திரையில் 1 செ.மீ. என்பது நிஜத்தில் 1 இன்ச். இனி ஸ்கேலை வைத்து 3 கிலோ பிளேட்டை அளந்தால், அகலம் 8 இன்ச், தடிமன் 1.6 இன்ச் வருகிறது. அதாவது 20 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன். கணக்குப் போட்டால் கொள்ளளவு சுமார் 1,250 கன செ.மீ. அவ்வளவு பெரிய கட்டி இரும்பாக இருந்தால் 9 கிலோ எடை இருக்க வேண்டும், ஏனென்றால் வார்ப்பிரும்பு கன செ.மீ.க்கு 7 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 3 கிலோதான் என்றால் கன செ.மீ.க்கு 2.4 கிராம் ஆகிறது. அது கான்கிரீட்டின் எடை. இதே அகலத்தில் 3 கிலோ இரும்பு பிளேட் அரை இன்ச் தடிமன்தான் இருக்கும், மேலே ரப்பர் பூசினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு உதைக்கும். அப்போது கம்பியையும் பிளேட்டையும் நேர் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளேட்டின் துளையைக் கிட்டத்தில் காட்டும் படமும் கேளுங்கள். இரும்பு பிளேட் என்றால் துளையின் ஓரத்தில் உலோகம் தெரியும், பழையதாக இருந்தால் துருவும் இருக்கும். பிவிசி கூட்டில் துளைக்குள்ளும் அதே கறுப்பு பிளாஸ்டிக்தான். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும், பல பிளேட்டுகளில் கலவை ஊற்றிய இடத்தை அடைத்த சிறு மூடியும் தெரியும்.

சிமென்ட் பிளேட் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் பாய் விரித்து அதன் மேல் பயன்படுத்துபவருக்குப் போதும். ஆனால் தரையில் போட்டால் கூடு விரிசல் விடும், உள்ளே இருக்கும் கலவை பொடிப்பொடியாக உதிரும், இரண்டு கையிலும் எடை மாறிப்போகும். இன்னொன்று, உங்கள் 14 இன்ச் கம்பியில் கைப்பிடி போக ஒரு பக்கத்துக்கு சுமார் 4 இன்ச் இடம்தான் மிஞ்சும். 3 கிலோ, 2 கிலோ பிளேட் இரண்டும் போட்டால் கிட்டத்தட்ட 3 இன்ச் போய்விடுகிறது, மிச்சம் நட்டுக்கு. பின்னால் எடை கூட்ட நினைத்தாலும் இடம் இருக்காது.

அவர் கேட்பது கிலோவுக்கு 140 ரூபாய். இந்த வகை சிமென்ட் பிளேட் புதிதாகவே சுமாராகக் கிலோ 60 முதல் 80 ரூபாய்க்குக் கிடைக்கும். பழசு, கூட்டில் விரிசல் இல்லை என்றால் கம்பியோடு சேர்த்து 900 ரூபாய் வரை கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொரு பிளேட்டையும் வைத்துப் பாருங்கள். 3 கிலோ என்று அச்சடித்தது 2.7 கிலோ காட்டினால் விலையையும் அதே கணக்கில் குறைக்கச் சொல்லுங்கள்.