இலவசமாக வரையக் கேட்டால் என்ன பதில் எழுதுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தனியாகப் படம் வரைந்து கொடுக்கிறேன். சிறுவர் கதைநூல் ஒன்றுக்கு 12 உள்படங்களும் அட்டைப்படமும் கேட்கிறார்கள். "இப்போது காசு இல்லை, ஆனால் புத்தகம் கனடா, லண்டன் எல்லாம் போகும், உங்கள் பெயர் பரவும்" என்கிறார்கள். கேட்பவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். மனம் நோகாமல் மறுத்து, என் கட்டணத்தையும் எப்படி எழுதுவது?

பதில்: முதலில், சாட்டுச் சொல்லாதீர்கள். "நேரமில்லை" என்று எழுதினால் "அவசரமில்லை, அடுத்த மாதம் தாருங்கள்" என்று பதில் வரும். பிறகு மறுக்க வழியிருக்காது. இலவசமாகச் செய்வதில்லை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, உடனே விலைக்கு வாருங்கள்.

விலையை நாட்கணக்கில் போடுங்கள். ஓர் உள்படத்துக்குப் பென்சில் வரைவு அரை நாள், வண்ணம் ஒன்றரை நாள், அட்டைக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நாட்கூலி 5,000 ரூபா என்றால் கடிதம் இப்படி அமையும்:

"மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் நூலுக்குப் படம் வரைய என்னை நினைத்ததற்கு நன்றி. கதையை விரும்பிப் படித்தேன். ஊதியமின்றி நூல்களுக்கு வரைவதில்லை என்பதால், நீங்கள் கேட்டபடி இதை ஏற்க இயலவில்லை.

என் கட்டணம்: உள்படம் ஒன்றுக்கு 10,000 ரூபா, அட்டைப்படத்துக்கு 15,000 ரூபா, மொத்தம் 135,000 ரூபா. பாதித் தொகை முற்பணமாகக் கிடைத்ததும் தொடங்குவேன். மிகுதி கிடைத்ததும் அச்சுக்குரிய கோப்புகளை அனுப்புவேன். பென்சில் வரைவில் இரண்டு தடவை திருத்தித் தருவேன். வண்ணம் இட்ட பிறகு கேட்கும் மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம். இத்தொகை முதற்பதிப்பின் 1,000 பிரதிகளுக்கு மட்டுமே உரியது.

நிதி குறைவென்றால், அட்டையும் நான்கு உள்படங்களும் 55,000 ரூபாவுக்குச் செய்யலாம். இந்த விலைகள் இம்மாத இறுதிவரை செல்லும்.

இப்படிக்கு,"

கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். காசு குறைந்தால் படங்களின் எண்ணிக்கைதான் குறைகிறது, ஒரு படத்தின் விலை குறையவில்லை. விலையை ஒரு தடவை இறக்கினால் அடுத்த ஆளுக்கும் அந்த விலைதான் போய்ச் சேரும்.

பிரதிகளின் எண்ணிக்கையை எழுதுவதற்கும் காரணம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் வரைந்த படத்தின் உரிமை பதிவு எதுவும் இல்லாமலே உங்களுடையது. அதைப் பிறருக்கு மாற்ற இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அதனால்தான் "சும்மா ஒரு படிவம்" என்று நீட்டுவார்கள். அதில் "சகல உரிமைகளும்" என்ற சொல் இருந்தால் கையொப்பமிடாதீர்கள். பிறகு உங்கள் படம் நாட்காட்டியிலும் பையிலும் வந்தாலும் கேட்க முடியாது. உரிமை மீறல் வழக்கு என்றால் கொழும்பு வணிக மேல்நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சில பத்தாயிரம் ரூபாவுக்காக யாழ்ப்பாணத்து ஓவியர் தவணைக்குத் தவணை அங்கே போய்வர வேண்டும் என்று வைத்திருக்கும் ஏற்பாடு, உரிமை இல்லை என்று சொல்வதற்குச் சமம். ஆகவே உங்கள் காவல் இந்தக் கடிதம்தான்.

நான் அதிகம் அஞ்சுவது இடையில் நிற்கும் "ஏற்பாட்டாளர்"களைத்தான். வெளிநாட்டிலிருந்து அனுசரணை வந்திருக்கும். அச்சகத்துக்கும் வெளியீட்டு விழா மண்டபத்துக்கும் சிற்றுண்டிக்கும் அதிலிருந்து காசு போகும். ஓவியருக்கு மட்டும் "பெயர்" கிடைக்கும். நூலாசிரியரோ, ஓவியருக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். ஒரே கேள்வி போதும்: "அச்சகத்துக்கு யார் காசு கட்டுகிறார்கள்?" அதற்கு ஒரு பெயர் இருந்தால், கடிதத்தின் பிரதியை அந்தப் பெயருக்கும் அனுப்புங்கள். "மாதிரிக்கு இரண்டு படம் வரைந்து காட்டுங்கள்" என்பதும் இவர்களின் வழமையான தந்திரம். பழைய படங்களைச் சிறிய அளவில், உங்கள் பெயர் குறுக்கே தெரிய அனுப்பினால் போதும்.

எவரும் காசு வாங்காத வேலை வேறு. உங்கள் ஊர் வாசிகசாலை கையெழுத்துச் சஞ்சிகை கொண்டுவருகிறது, எழுதுபவரும் பிரதி எடுப்பவரும் சம்பளமின்றிச் செய்கிறார்கள் என்றால், விருப்பமிருந்தால் வரைந்து கொடுங்கள். ஆனால் "எவரும்" என்றால் எவரும்தான். அச்சகம் காசு வாங்கினால் அது இந்த வகையில் சேராது. விற்பனைக்கு விலை போட்டாலும் சேராது. அப்படிக் கொடுக்கும்போதும் "இரண்டு படங்கள், பெறுமதி 20,000 ரூபா, இந்த இதழுக்கு மட்டும் அன்பளிப்பு" என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதே படம் விற்பனை மலரில் வரும்.

கடிதம் போனதும் அவர் உங்களை அழைக்காமல் அப்பாவை அழைக்கக்கூடும். அதனால் அப்பாவிடம் முன்கூட்டியே கடிதத்தைக் காட்டிவிடுங்கள். "மகளின் தொழில், அவளுடனேயே பேசுங்கள்" என்று மட்டும் அவர் சொன்னால் போதும். நீங்களும் தொலைபேசியில் விலை பேசாதீர்கள். எழுத்தில் பதில் கேளுங்கள், முற்பணம் வங்கிக்கு வந்த பிறகே முதல் வரைவைத் தொடங்குங்கள்.